புதுப்பிப்பு: கூடுதல் இடமின்றி இருமுறை வரும் எண்கள்

என் கேள்வி: "1 முதல் n வரையிலான n எண்கள் கொண்ட வரிசையில் ஒவ்வொன்றும் ஒருமுறையோ இருமுறையோ வரும், இருமுறை வருவன அனைத்தையும் வேறு வரிசை வைக்காமல் கண்டறிவது எப்படி?"

XOR போதும் என்றவர் பாதி சரி. இரட்டை ஒன்றே என்றால்தான் அது போதும். வரிசைப்படுத்துவதில் எது வேகம் என்று ஒருவர் விளக்கியது வேறு கேள்விக்கான விடை. மூத்த நிரலாளர் ஒருவர் சொன்ன வழியே நின்றது: x-ஐக் கண்டால் x-ஆம் இடத்து எண்ணை எதிர்மமாக்க வேண்டும், அது முன்பே எதிர்மமாக இருந்தால் x இரண்டாம் முறை வருகிறது.

```python
for x in a:
    i = abs(x) - 1
    if a[i] < 0: print(i + 1)
    else: a[i] = -a[i]
```

`[3, 1, 3, 4, 1]` தந்தால் 3, 1 கிடைக்கின்றன. `abs` விடுபட்டால், மூன்றாம் இடத்தில் இருக்கும் -3-இலிருந்து -4 என்ற சுட்டெண் பிறந்து, பைத்தான் அதைக் கடைசியிலிருந்து எண்ணி இரண்டாம் இடத்தை மாற்றிவிடுவதால், பிழைச்செய்தி எதுவுமின்றி 1 மட்டுமே அச்சாகிறது.

தம் தரவு 0-இலிருந்து தொடங்குவதாகச் சொன்னவருக்கு இது அப்படியே பொருந்தாது, ஏனெனில் 0-க்குக் குறி இல்லை. ஒவ்வோர் எண்ணிலும் 1 கூட்டிக்கொண்டு, அச்சிடும்போது அதைக் கழித்துவிடலாம். முடிவில் எல்லாவற்றுக்கும் `abs` எடுத்து, 1 கூட்டியிருந்தால் அதையும் கழித்தால், பழைய வரிசை மீளும்.

குறியைக் கடன் வாங்குவதே n பிட் இடம்தானே என்ற வாதம் இன்னும் முடியவில்லை. எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது.