முன்னுரிமை டேட்டா மிச்சமிருந்தும் குரல் தாமதமாகத்தான் போனது

கோத்தகிரித் தோட்டக்காரர்:
எங்கள் தோட்ட வீட்டுக்குக் கேபிள் வராததால் செயற்கைக்கோள் இணைப்பு எடுத்தோம். மாதம் 50 ஜிபி முன்னுரிமை டேட்டா, அதன் பிறகு வேகம் குறையும். மாதத்தின் 2ஆம் தேதி, டேட்டா ஏறக்குறைய முழுதாக இருந்தபோது, மகள் வீடியோ நேர்காணலுக்கு அமர்ந்தாள். படம் தெளிவாக இருந்தும், அவள் பதில் போய்ச் சேர்வதற்குள் எதிர்முனையில் அடுத்த கேள்வி தொடங்கிவிடும். இருவரும் ஒன்றாக நிறுத்தி, ஒன்றாகவே மறுபடி தொடங்குவார்கள். மூன்றாம் முறை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

குன்னூர் வாசகி:
கூடுதல் டேட்டா வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் எனக்கும் பேச்சு இழுத்தது. 10 ஜிபி வாங்கியதும் சரியாகிவிட்டது.

ஊட்டி டிஷ் பொருத்துநர்:
அம்மா, உங்களுக்குச் சரியானது வேகம். அவருக்கு வந்தது தூரத்தின் சிக்கல். அவருடைய டிஷ் எப்போதும் ஒரே செயற்கைக்கோளையே நோக்குவதென்றால், அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. குரல் மேலே ஏறிக் கீழே இறங்கவே கால் நொடி, பதில் திரும்ப இன்னொரு கால் நொடி. எத்தனை ஜிபி வாங்கினாலும் அந்த அரை நொடி குறையாது. ஃபைபரில் ஒளி சற்று மெதுவாகவே ஓடினாலும், 1,000 கி.மீ. போய்த் திரும்ப நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகும். சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் இந்தத் தொல்லை பெரிதும் இராது.

சோதிக்க வேண்டுமானால், வீட்டில் வேறு எதுவும் ஓடாதபோது ஒருமுறையும், படங்களை இணையத்தில் ஏற்றும்போது ஒருமுறையும், ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் `ping` பாருங்கள். முதலாவது தூரத்தைக் காட்டும். இரண்டாவதில் கூடுவது வரிசையில் காத்திருக்கும் நேரம். வேகம் குறைக்கப்பட்ட பிறகு அந்த வரிசை நீளும். குன்னூர் அம்மாவுக்குப் பேச்சு இழுத்தது அதனால்தான்.

பூம்பாறை விவசாயி:
எங்கள் 50 ஜிபி ஐந்தாம் நாளே தீர்ந்தது. பூண்டுக் கிடங்கில் வைத்த கேமரா இரவும் பகலும் 1 எம்பிபிஎஸ் அளவில் படம் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நாளொன்றுக்கு 10 ஜிபிக்கு மேல். அனுப்புவதும் கணக்கில் சேரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அசைவு தெரிந்தால் மட்டும் பதியும்படி மாற்றினேன்.

கோத்தகிரித் தோட்டக்காரர்:
நேற்று பார்த்தேன். சும்மா இருக்கும்போது 640 மில்லி நொடி. டேட்டா தீர்ந்த இன்றும் அதே 640. படங்களை அனுப்பத் தொடங்கியதும் 2,000ஐத் தாண்டியது. ஆனால் இன்று அதிகாலை மூன்று மணிக்கு வேகம் நன்றாகவே இருந்ததே! குறைப்பு என்பது எப்போதும் ஒரே அளவா, நெரிசல் நேரத்தில் மட்டும் எங்களைப் பின்னுக்குத் தள்ளுவதா?

ஊட்டி டிஷ் பொருத்துநர்:
இரு வகைத் திட்டங்களும் உண்டு. இரவு எட்டு மணிக்கும் அளந்து எழுதுங்கள், பார்ப்போம்.