வீடு விற்கிறோம், அலாரம் ஒப்பந்தத்தில் இன்னும் 52 மாதம் இருக்கிறதாம். எப்படி வெளியே வருவது?

ஸ்காபரோ_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். டொராண்டோவில் இருக்கிறோம். 2021 ஜூலையில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி வந்து, அலாரமும் இரண்டு கமராவும் கண்காணிப்போடு சேர்த்துத் தருவதாகச் சொன்னார். மாதம் 49.99 டொலர், 60 மாத ஒப்பந்தம். அதில் எனக்குக் குறை இல்லை, ஒழுங்காகக் கட்டி வந்தேன்.

இப்போது வீட்டை விற்றுவிட்டோம். ஜனவரி நடுவில் திறப்பைக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குப் படி ஏற முடியாததால் கொண்டோவுக்குப் போகிறோம், அங்கே அலாரம் தேவையில்லை. எப்படியும் 2026 ஜூனில் முடிகிற ஒப்பந்தம், மிச்சம் ஆறு மாதம்தானே, கட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்துத்தான் போன் எடுத்தேன். அவர்கள் சொன்ன கணக்கு இது: டிசம்பர் முடிவில் நிறுத்தினால் மிச்சம் 52 மாதம், மாதம் 64.99 வீதம் 3379.48, எச்.எஸ்.டி 13 சதவீதம் சேர்த்து 3818.81 டொலர்.

52 மாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "உங்கள் ஒப்பந்தம் 2030 ஏப்ரல் வரை" என்கிறார்கள். கொண்டோ வாங்க அடமானக் கடன் எடுத்திருக்கிறோம், இந்த நேரத்தில் இவ்வளவு காசுக்கு எங்கே போவது? என்ன செய்யலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மொன்றியல்_ரவி

தம்பி, பயப்படாதீர்கள். இடையில் நிறுத்தினால் அவர்கள் நினைத்தபடி காசு கேட்க முடியாது, சட்டம் இருக்கிறது. இலவசமாகவோ தள்ளுபடியிலோ உபகரணம் தராமல் இருந்தால், அதிகபட்சம் 50 டொலர் அல்லது மிச்சத் தொகையில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அதுதான். உபகரணத்தைத் தள்ளுபடியில் தந்திருந்தால், அந்தத் தள்ளுபடியில் மாதா மாதம் கழித்து மிச்சம் இருப்பதை மட்டும் கேட்கலாம். எங்கள் மச்சான் போன வருடம் இப்படித்தான் வெளியே வந்தார். எழுதிக் கேளுங்கள், உடனே இறங்கி வருவார்கள்.

மார்க்கம்_அக்கா

ரவி அண்ணா சொல்வது சரி, ஆனால் கியூபெக்குக்கு மட்டும். அது அந்த மாகாணத்தின் நுகர்வோர் சட்டம். ஒன்ராறியோவில் அப்படி ஒரு உச்சவரம்பு இல்லை. தம்பி அதை எழுதி அனுப்பினால், எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு வரியில் பதில் வரும், அதற்குள் ஒரு வாரம் போய்விடும்.

நான் பத்து வருடமாக ஒரு சட்ட உதவி நிலையத்தில் வேலை செய்கிறேன். இந்த மாதிரி ஒப்பந்தங்கள் மாதம் இரண்டு மூன்றாவது மேசைக்கு வரும். தம்பி, அந்த 3818 டொலரைப் பற்றி இப்போது வாதாட வேண்டாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: 60 மாதம் 2021 ஜூலையில் தொடங்கினால் 2026 ஜூனில் முடியும். அவர்கள் சொல்கிற 2030 ஏப்ரலில் இருந்து 60 மாதம் பின்னே போனால் 2025 மே வருகிறது. அந்த மேயில் வீட்டில் என்ன நடந்தது? மாதக் காசு 49.99-இல் இருந்து 64.99 ஆனது எப்போது?

ஸ்காபரோ_தம்பி

அக்கா, இப்போதுதான் விளங்குகிறது. மே மாதம் வாசல் மணிக் கமரா ஒன்று போடச் சொல்லி நான்தான் கூப்பிட்டேன். டெக்னீஷியன் வந்து போட்டார், மாதம் 15 டொலர் கூடும் என்றார். போகும்போது தன் டேப்லெட்டை நீட்டி, "வேலை முடிந்ததற்கு ஒரு கையெழுத்து" என்றார். வாசலில் சப்பாத்து போடுகிற இடத்தில் நின்றபடி விரலால் கீறிக் கொடுத்தேன். திரையில் பெட்டி மட்டும்தான் இருந்தது, மேலே என்ன எழுதியிருந்தது என்று உருட்டிப் பார்க்கவில்லை. காகிதம் ஒன்றும் தரவில்லை. மின்னஞ்சலில் வரும் என்றார், வந்ததாக ஞாபகம் இல்லை.

பிராம்டன்_குமார்

ப்ரோ, இவ்வளவு யோசிக்க வேண்டாம். வங்கிக்குப் போய் அந்தத் தானியங்கிப் பற்றை நிறுத்தச் சொல்லுங்கள், அவ்வளவுதான். நான் 2019-இல் அப்படித்தான் செய்தேன், நான்கு மாதம் போன் அடித்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். இன்னொன்று, நீங்களே கூப்பிட்டு வரவழைத்ததால் பத்து நாள் ரத்து உரிமை எல்லாம் உங்களுக்குக் கிடையாது. அது கதவைத் தட்டி வருகிறவனுக்கு மட்டும்தான்.

மார்க்கம்_அக்கா

குமார், வங்கியில் நிறுத்துவதால் ஒப்பந்தம் நிற்காது. காசு எடுக்கும் வழி மட்டும்தான் அடைபடும், கடன் அப்படியே இருக்கும். உங்களை விட்டுவிட்டார்கள், நல்லது. பலருக்கு அது வசூல் நிறுவனத்துக்குப் போய், கடன் அறிக்கையில் கறையாக ஏறும். தம்பி ஜனவரியில் வீடு மாற்றுகிறார். அடமானம் கொடுக்கிறவர்கள் கடைசி வாரத்திலும் கடன் அறிக்கையைப் பார்ப்பதுண்டு. இந்த நேரத்தில் அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். சாவி கைமாறும் வரை மாதக் காசை எடுக்க விடுங்கள்.

கூப்பிட்டால் உரிமை இல்லை என்பதும் சரியில்லை. ஒன்ராறியோவின் 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், யார் யாரைக் கூப்பிட்டார் என்று இதில் பார்ப்பதில்லை. கடையில் இல்லாமல் வேறு இடத்தில் நேரில் பேசியோ முடித்தோ கையெழுத்தானால், மொத்தத் தொகை 50 டொலருக்கு மேல் இருந்தால், அது நேரடி ஒப்பந்தம். வாசலில் டேப்லெட்டில் வைத்த கையெழுத்தும் அதில் வரும் என்பதுதான் என் கருத்து.

நேரடி ஒப்பந்தத்தை எழுத்துப் பிரதி கைக்கு வந்த பத்து நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். பிரதி வராவிட்டாலோ, வந்த பிரதியில் சட்டம் கேட்கிற விவரங்கள் இல்லாவிட்டாலோ, கையெழுத்திட்ட நாளில் இருந்து ஒரு வருடம் வரை அந்த உரிமை இருக்கும். உங்கள் 2021 ஒப்பந்தத்துக்கு அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. 2025 மே கையெழுத்துக்கு 2026 மே வரை இருக்கிறது.

இன்றே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். 2025 மேயில் நான் கையெழுத்திட்டதாகச் சொல்லும் ஆவணத்தின் பிரதி, அது எனக்கு எந்த முகவரிக்கு எந்த நாளில் அனுப்பப்பட்டது என்ற பதிவு, இரண்டும் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். ரத்து என்ற சொல்லை இப்போது எழுத வேண்டாம். பிரதி வந்ததும் அதில் `Your Rights under the Consumer Protection Act, 2002` என்ற தலைப்பில் ஒரு அறிவிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். நேரடி ஒப்பந்தத்தில் அது கட்டாயம். மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதும் இருக்க வேண்டும், மாதத் தொகை மட்டும் போதாது.

மிசிசாகா_செல்வி

நடுவில் என் சந்தேகம் ஒன்று, மன்னிக்கவும். நாங்கள் வாங்கிய வீட்டில் பழைய ஆட்கள் விட்டுப்போன அலாரம் பேனல் சுவரில் இருக்கிறது. வேறு கம்பெனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, இன்ஸ்டாலர் கோட் பூட்டியிருக்கிறது, எங்களால் உள்ளே போக முடியாது என்கிறார். மாதம் 30 டாலருக்குள் தருகிற கம்பெனி இருக்கிறதா?

மார்க்கம்_அக்கா

செல்வி, கம்பெனி பெயர் நான் சொல்வதில்லை. அந்தப் பூட்டைப் பழைய கம்பெனிதான் எடுக்க வேண்டும். பேனல் வீட்டுக்காரருக்குச் சொந்தமா, கம்பெனி வாடகைக்குத் தந்ததா என்று விற்றவரிடம் கேளுங்கள். வாடகை என்றால் அதில் கைவைக்காதீர்கள். தம்பிக்கும் இது பொருந்தும்: உங்கள் கமரா எல்லாம் யாருக்குச் சொந்தம் என்று 2021 தாளில் பாருங்கள். வீட்டு விற்பனைத் தாளில் அவற்றைச் சேர்த்து எழுதியிருந்தால், அதை உடனே உங்கள் லோயரிடம் சொல்லுங்கள்.

ஈஸ்ட்யோர்க்_மாமா

வீடு வாங்குகிறவரிடம் ஒப்பந்தத்தை மாற்றிவிட முடியாதா? நான் 2016-இல் அப்படித்தான் செய்தேன்.

ஸ்காபரோ_தம்பி

ஏஜென்ட் மூலம் கேட்டுப் பார்த்தேன் மாமா. அவர்கள் தங்கள் சொந்தக் கமராவைக் கொண்டுவருகிறார்களாம், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

அக்கா, நாலாம் நாள் பிரதி வந்துவிட்டது. ஆறு பக்கப் பிடிஎஃப். முதல் பக்கத்திலேயே புதிய 60 மாதத் தவணை 2025 மேயில் தொடங்குகிறது என்று இருக்கிறது, என் விரல் கீறலும் இருக்கிறது. நீங்கள் சொன்ன தலைப்பைத் தேடினேன், ஆறு பக்கத்திலும் இல்லை. மொத்தத் தொகையும் இல்லை, 64.99 மட்டும்தான். அனுப்பிய பதிவைப் பார்த்தால் என் மின்னஞ்சலில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் எனக்கு வரவே இல்லை.

மார்க்கம்_அக்கா

அந்தப் பதிவைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் உங்கள் பலம். இப்போது ரத்து அறிவிப்பை எழுதலாம். வாயால் சொன்னாலும் சட்டப்படி செல்லும், ஆனால் எழுத்தில் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் அனுப்பி, கனடா போஸ்ட்டில் பதிவுத் தபாலிலும் போடுங்கள். அனுப்பிய நாளிலேயே கொடுத்ததாகக் கணக்கு. நீளம் வேண்டாம், இவ்வளவு போதும்:

"2025 மேயில் என் வீட்டில் கையெழுத்தான நேரடி ஒப்பந்தத்தின் சட்டப்படியான பிரதி எனக்குக் கிடைக்கவில்லை. 2002 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 43(2) பிரிவின் கீழ் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன். வாசல் மணிக் கமராவை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்."

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ரத்து என்றால் அந்த ஒப்பந்தம் இருந்ததே இல்லை என்று ஆகும். அப்போது 2021 ஒப்பந்தம் திரும்ப உயிர் பெறுகிறது என்று அவர்கள் வாதிடலாம், அதில் நியாயமும் இருக்கிறது. அப்படியானால் மிச்சம் ஆறு மாதம், 49.99 வீதம் 299.94, வரியோடு 338.93 டொலர். நீங்கள் முதலில் கட்டத் தயாராக இருந்த தொகைதான் அது. மேயில் இருந்து கூடுதலாகக் கட்டிய 15 டொலர், எட்டு மாதத்துக்கு 120-உம் வரியும், அதில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

2021 தாளில் தானாகப் புதுப்பிக்கும் வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஜூனுக்குப் பிறகு தொடர விருப்பமில்லை என்று இதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்.

பிராம்டன்_குமார்

அக்கா, அது புது ஒப்பந்தம் இல்லை, பழையதின் திருத்தம்தான் என்று அவர்கள் சொன்னால்?

மார்க்கம்_அக்கா

நல்ல கேள்வி. சொல்லக்கூடும். ஆனால் திருத்தம்தான் என்றால், 60 மாதத்தை முதலில் இருந்து எண்ணுவது எப்படி என்று அவர்கள் விளக்க வேண்டிவரும். நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அவர்கள் மறுத்தால் அடுத்தது மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் முறைப்பாடு.

ஸ்காபரோ_தம்பி

பதில் வந்துவிட்டது, எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். பதிவுத் தபால் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வேறு ஒரு பிரிவில் இருந்து ஒரு பெண் போன் எடுத்தார். 2025 மே ஒப்பந்தத்தை நீக்கிவிட்டோம் என்றார். வாயால் சொன்னதை மின்னஞ்சலில் கேட்டேன், அன்று மாலையே வந்தது. வாசல் மணிக் கமராவைத் திருப்பி அனுப்ப ஒரு பெட்டி வருகிறதாம்.

பழைய ஒப்பந்தத்தின் 338.93-ஐக் கட்டச் சொல்கிறார்கள், 120 டொலரைக் கழிக்க மாட்டார்களாம். அந்த 120-க்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. வீட்டுக் காப்புறுதியில் அலாரத்துக்கு ஒரு தள்ளுபடி இருந்தது, அவர்களுக்கும் சொல்லிவிட்டேன். அக்கா, அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா.