கம்ப்ளையன்ஸ்: தமிழ்ச்சொல் தேவை, சனிக்கிழமைக்குள்

மீனா:
வணக்கம். 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்த மாணவர்களுக்கு உடலியங்கியல் சொல்லித் தருகிறேன். எல்லோரும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. என் திட்டம் இது: முதலில் உடலில் என்ன நடக்கிறது என்று தமிழிலேயே வாதிட்டு முடிக்க வேண்டும். அதன்பிறகே ஆங்கிலப் பெயர். கடைசியில், தேர்வில் எழுதுவதுபோல ஓர் ஆங்கில வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லி எழுத வேண்டும்.

நுரையீரல் கம்ப்ளையன்ஸில் சிக்கல். அழுத்தம் கூடும்போது எவ்வளவு விரிகிறது என்பதற்கான அளவு அது: `ΔV/ΔP`. எம்பைசீமா நோயில் நுரையீரல் கெட்டுப்போவதால் கம்ப்ளையன்ஸ் குறையும் என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். உண்மையில் கூடும்.

இளங்கோ:
நெகிழ்மை. பழைய வடிவம் ஞெகிழ். சங்கத் தலைவியின் தோள் மெலிந்து வளை நெகிழ்வதும் இந்தச் சொல்தான். இதைவிட்டு வேறெங்கே போக வேண்டும்?

கதிர்:
நெகிழி என்றால் இன்று பிளாஸ்டிக், குழப்பும். இழுத்தால் விரிவதுதானே விஷயம், மீட்சித்தன்மை என்றே சொல்லிவிடலாம்.

மீனா:
கதிர், அது நேர் எதிர். ரப்பரைவிட எஃகுக்கே மீட்சித்தன்மை அதிகம் என்று இயற்பியலில் தமிழிலேயே படித்திருக்கிறார்கள். மீட்சி கூடினால் விரிக்கக் கூடுதல் அழுத்தம் வேண்டும். அந்த மாணவியை இங்கிருந்துதான் திருப்பினேன். எம்பைசீமாவில் மீள்நார்கள் அழிகின்றன, காற்று சுலபமாக உள்ளே போகிறது, வெளியேறத்தான் திணறுகிறது. கம்ப்ளையன்ஸ் கூடும் என்று அவளே சொன்னாள். பிறகு கணக்கு: இயல்பான நுரையீரலில் ஒரு செ.மீ. நீரழுத்தத்துக்குச் சுமார் 200 மி.லி. என்றால், 500 மி.லி. மூச்சுக்கு 2.5 செ.மீ. போதும். நார்த்திசு பெருகி அது 100 ஆகிவிட்டால் 5 செ.மீ. வேண்டும். இதையும் தமிழிலேயே போட்டாள்.

லட்சுமி:
நான் செவிலியர். காசநோயாளி மாத்திரையை விடாமல் சாப்பிடுவதைத்தான் நாங்கள் கம்ப்ளையன்ஸ் என்போம். இணக்கம் என்று சொன்னால் நோயாளிக்கே புரிகிறது.

யோகன், யாழ்ப்பாணம்:
அது வேற கம்ப்ளையன்ஸ், அக்கா. மானிப்பாயில கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில படிப்பிச்சவர், உடலியங்கியலுக்குச் சுகரணம் எண்டு பேர் வச்சவர். இண்டைக்கு அந்தச் சொல் ஆருக்கும் தெரியாது. பெயரை விட்டுட்டு வினையைப் பாருங்கோ: அழுத்தத்துக்கு நுரையீரல் எவ்வளவு இடங்கொடுக்குது? இடங்கொடை எண்டு வையுங்கோ.

இளங்கோ:
மரக்கிளை என்பதுபோல இடக்கொடை என்றல்லவா புணரும்?

கதிர்:
இடங்கொடு என்று பேச்சில் இருப்பதை உடைக்காதீர்கள். இடங்கொடைக்கு என் வாக்கு.

லட்சுமி:
எனக்கும் சரி. ஆனால் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழா?

மீனா:
ஆமாம், பொருள் இரண்டுதானே. சனிக்கிழமை ‘எவ்வளவு இடங்கொடுக்கிறது’ என்று வினையாகவே தொடங்குகிறேன். விடைத்தாளில் கம்ப்ளையன்ஸ் மட்டும்.

இளங்கோ:
வகுப்பில் சொல்லிக்கொள்ளுங்கள். கலைச்சொல் பட்டியலில் நெகிழ்மையை நீக்க நான் ஒப்பவில்லை.