எக்செல் வருகைப் பதிவேடு: ஒட்டும்போது பட்டியல் அழிந்துவிடுகிறது

வணக்கம். எங்கள் தையல் கூடத்தில் 40 பேருக்கான வருகைப் பதிவேட்டை எக்செலில் வைத்திருக்கிறேன். C3 முதல் AG42 வரை ஒவ்வொரு கட்டத்திலும் P, A, L மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி கீழிறங்கு பட்டியல் இருக்கிறது. A என்றால் சிவப்பு, L என்றால் நீலம்.

தட்டச்சு செய்தால் தவறான எழுத்தை எக்செல் மறுத்துவிடுகிறது. ஆனால் மேற்பார்வையாளர் வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் சோதனையே நடப்பதில்லை. அந்தக் கட்டத்தின் பட்டியலும் போய்விடுகிறது. ஒருமுறை "A" என்பதற்குப் பின் ஓர் இடைவெளியும் சேர்ந்து வந்துவிட்டது. கண்ணுக்கு அதே A தான், ஆனால் சிவப்பு விழவில்லை, COUNTIF அதை எண்ணவும் இல்லை. சம்பளக் கணக்கில் இது சின்ன விஷயமா?

இப்போதைக்கு, AK1:AK3 பட்டியலில் இல்லாதது எதுவானாலும் மஞ்சளாகக் காட்ட இந்த விதியைச் சேர்த்திருக்கிறேன்:

```
=AND(C3<>"",ISNA(MATCH(C3,$AK$1:$AK$3,0)))
```

பிழை தெரிகிறது, ஆனால் ஒட்ட ஒட்ட வண்ண விதிகளின் எல்லையும் துண்டு துண்டாக உடைந்து, விதிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. 'மதிப்பை மட்டும் ஒட்டு' என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. தாளைப் பூட்டினாலும், நிரப்புவதற்காகத் திறந்துவைத்த கட்டங்களில் ஒட்ட முடிகிறது.

மேக்ரோ இல்லாமல் இதைத் தடுக்க வழி உண்டா? இல்லையென்றால், மாத இறுதியில் விதிகளை மொத்தமாக அழித்து மறுபடி அமைக்க எளிய முறை ஏதும் இருந்தால் சொல்லுங்கள்.