மூன்றாவது வரியிலும் தலைப்பு வேண்டுமா?

“கோரஸில் தலைப்பு வரி குறைந்தது நாலு தடவை வரணும். அதுக்குக் கீழே போனா யாருக்கும் ஞாபகம் நிக்காது. சந்தேகம் இருந்தா ஹிட்டான பாட்டு எதையாவது எடுத்து எண்ணிப் பாருங்க.”
— ‘நெல்லை கிட்டார்’ போட்ட பாட்டுக்குக் கீழே ‘நாலுகட்டை’ எழுதியது

சந்தக்கவி:
இதைப் படித்ததும் பேசாமல் போக முடியவில்லை. இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கும் ஒரு பையனிடம் எண்ணிக்கையைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். பையன் போட்டிருக்கும் கோரஸ் இது:

கடைசி பஸ் போயாச்சு
கடைத்தெரு விளக்கெல்லாம் அணைஞ்சாச்சு
கடைசி பஸ் போயாச்சு
ஊருக்குப் போற கடைசி பஸ் போயாச்சு

தலைப்பு ஏற்கெனவே மூன்று தடவை வந்துவிட்டது. இதில் இரண்டாவது வரியிலும் சேர்க்கச் சொல்கிறார் நாலுகட்டை. பாட்டில் கோரஸ் மூன்று இடத்தில் வருகிறது, கடைசி இடத்தில் இரட்டிப்பு. அப்படியென்றால் கேட்பவர் காதில் தலைப்பு 16 தடவை விழும். இப்போது இருக்கும் 12 தடவையே அதிகம். நான் சொல்வது இதற்கு நேர் எதிர். மூன்றாவது வரியிலிருந்து தலைப்பை எடுங்கள். முதல் வரியிலும் நாலாவது வரியின் கடைசியிலும் இருந்தால் போதும்.

மூன்றாவது வரியை ஏன் சொல்கிறேன்? முதல் வரியில் தலைப்பு காதில் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டாவது வரி அதிலிருந்து விலகுகிறது. மூன்றாவது வரி இன்னும் தூரம் போனால்தான் நாலாவது வரியில் தலைப்பு திரும்பி வருவதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். மூன்றாவது வரியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டால், நாலாவது வரியில் எங்கே வருவது?

நாலுகட்டை:
வந்துட்டார் ஐயா. இருபது வருஷமா மேடையில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். ஜனம் எந்த இடத்தில் சேர்ந்து பாடும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது வரியில்தான் சேர்ந்து பாடும். முதல் வரியில் கேட்கும், மூன்றாவதில் வாயைத் திறக்கும். அந்த இடத்தில் தலைப்பை எடுத்துவிட்டால் வாயைத் திறந்தவன் என்ன பாடுவான்?

இன்னொன்று. இப்போது பாட்டை முழுசாக யார் கேட்கிறார்கள்? பத்து விநாடி துண்டாக வெட்டிப் போடுகிறார்கள். அந்தத் துண்டுக்குள் தலைப்பு இல்லாவிட்டால் பாட்டுக்குப் பெயரே இல்லை.

சந்தக்கவி:
துண்டு விஷயம் சரியான கவலைதான், ஆனால் கணக்கு போடாமல் பேசுகிறீர்கள். பையனின் பாட்டு நிமிடத்துக்கு 96 அடி. கோரஸ் எட்டு பார், அதாவது 32 அடி, சரியாக 20 விநாடி. ஒரு வரிக்கு 5 விநாடி. பத்து விநாடித் துண்டு முதல் வரியில் ஆரம்பித்தாலும், மூன்றாவது வரியில் ஆரம்பித்துக் கோரஸின் முடிவில் நின்றாலும் உள்ளே ஒரு தலைப்பு இருக்கும். இரண்டு முனையில் வைத்ததே போதும். மூன்றாவது வரி தேவையில்லை.

வில்லுப்பாட்டு ரசிகை:
தலைப்பை எங்கே வைப்பது என்று கேட்டதால் சொல்கிறேன். எங்கள் பஜனைக் குழுவின் பாட்டுக்கு வீடியோ முகப்பில் தலைப்பைச் சின்னதாகப் போட்டிருந்தோம், யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் எழுத்தில் பெரிதாகப் போட்ட பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். தம்பியும் அப்படிச் செய்து பார்க்கலாம்.

நாலுகட்டை:
அக்கா, இது பாட்டு வரியைப் பற்றி. ஆனால் உங்கள் பஜனையில் நாமத்தை எத்தனை தடவை சொல்கிறீர்கள்? அதையும் சொல்லுங்கள், இவர் காதில் விழட்டும்.

வில்லுப்பாட்டு ரசிகை:
கணக்கே கிடையாது தம்பி. ஒருத்தர் சொல்வார், எல்லோரும் திருப்பிச் சொல்வோம். நிறுத்தவே மனசு வராது.

நாலுகட்டை:
பார்த்தீர்களா!

சந்தக்கவி:
பார்த்தேன். பஜனையில் கூடியிருப்பவர்கள் எல்லோரும் பாடுகிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதற்காகவே வந்தவர்கள். பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்பவர் பாடுவதில்லை, கேட்கிறார். நீங்கள் பக்திப் பாட்டை எடுத்ததால் நானும் எடுக்கிறேன். திருப்பாவை 30 பாட்டு. ஒவ்வொன்றும் எட்டு அடி. ‘ஏலோர் எம்பாவாய்’ ஒவ்வொரு பாட்டிலும் ஒரே ஒரு தடவை, கடைசியில். அதைத் தமிழ்நாட்டில் யாராவது மறந்திருக்கிறார்களா? ஆண்டாள் மூன்றாவது அடியில் வைக்கவில்லை.

நாலுகட்டை:
அது செய்யுள். உங்களுக்குக் கோரஸ் பற்றிக் கேட்டால் மார்கழிக்குப் போய்விடுவீர்கள். ஒரு போட்டியில் நீங்கள் நடுவராக உட்கார்ந்து என் பாட்டைத் தள்ளியதும் இப்படித்தான். “திரும்பத் திரும்ப வருகிறது” என்று ஒற்றை வரியில் எழுதினீர்கள். மறக்கவில்லை.

சந்தக்கவி:
ஓ, விஷயம் அதுதானா. அந்தப் பாட்டிலும் மூன்றாவது வரியில் தலைப்பு இருந்தது. எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

லயப்பித்தன்:
இரண்டு பேருமே எண்ணிக்கையில் நிற்கிறீர்கள். கச்சேரியில் பல்லவியின் முதல் வரியைச் சங்கதி சங்கதியாக ஐந்தாறு தடவை பாடுகிறார்கள். யாராவது எழுந்து போகிறார்களா? வார்த்தை அதேதான், ஒவ்வொரு தடவையும் சுரம் கொஞ்சம் வளர்கிறது. தலைப்பு எத்தனை தடவை வருகிறது என்பதைவிட, அது எப்படி மாறி வருகிறது என்று பாருங்கள். எடுப்பையும் மாற்றலாம். முதல் வரியில் ‘கடைசி’ தாளத்தின் முதல் தட்டிலேயே விழட்டும். நாலாவது வரியில் அரை எண்ணிக்கை தள்ளி எடுங்கள். வார்த்தை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது தடவை வேறு யாரோ சொல்வதுபோல் இருக்கும்.

நாலுகட்டை:
ஆக மூன்றாவது வரியில் சங்கதி போட்டால் தலைப்பு இருக்கலாம். நன்றி.

லயப்பித்தன்:
நான் அப்படிச் சொல்லவில்லையே.

சந்தக்கவி:
லயப்பித்தன் சொன்ன எடுப்பு நல்ல யோசனை. ஆனால் சங்கதிக்கு நிதானமான காலம் வேண்டும். 20 விநாடிக் கோரஸில் ஐந்து சங்கதிக்கு இடமில்லை. அதைவிட எளிதான வழி கார்ட். பையனின் மெட்டில் ‘போயாச்சு’வின் ‘யா’ நிற்பது ‘ஈ’ சுரத்தில். முதல் வரியில் அதற்குக் கீழே ஏ மைனர் போடட்டும், நாலாவது வரியில் சி மேஜர். ‘ஈ’ இரண்டிலும் பொருந்தும். பாடுகிறவர் எதையும் மாற்ற வேண்டாம். முதலில் பஸ்ஸை விட்ட ஏக்கம், கடைசியில் ‘சரி, போகட்டும்’ என்ற மாதிரி ஒரு இறக்கம். கேட்பவருக்கு அதே வரி என்று தெரியும், ஆனால் அலுக்காது.

யாரும் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. பையன் எழுதியதில் இரண்டாவது வரி ‘அணைஞ்சாச்சு’ என்று முடிகிறது. அங்கே தலைப்பு இல்லை, ஆனாலும் காது அதைத் தலைப்பாகவே எடுத்துக்கொள்கிறது, முடிகிற ஓசை ஒன்று என்பதால். எழுத்தில் தலைப்பு மூன்று தடவை, காதில் நாலு. இயைபு அழகுதான், ஆனால் தலைப்பின் ஓசையைத் தலைப்புக்கு மட்டும் விட்டுவைக்க வேண்டும். நான் மாற்றினால் இப்படி இருக்கும்:

கடைசி பஸ் போயாச்சு
டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்குறார்
சட்டைப் பையில சில்லறை மட்டும்தான்
ஊருக்குப் போற… கடைசி பஸ் போயாச்சு

‘ஊருக்குப் போற’வுக்குப் பிறகு ஒரு எண்ணிக்கை சும்மா விட வேண்டும். அந்த இடைவெளியில் கேட்பவரே மனசுக்குள் தலைப்பைச் சொல்லிவிடுவார். நாலுகட்டை கேட்கும் மூன்றாவது தடவை அங்கே கிடைத்துவிட்டது, பாடாமலேயே.

நெல்லை கிட்டார்:
அண்ணன்களுக்கு வணக்கம். முதலில் ‘போயிடுச்சு’ என்றுதான் எழுதினேன். நீட்டிப் பாடும்போது ‘போயீடுச்சு’ என்று கேட்டது, அதனால்தான் ‘போயாச்சு’ ஆக்கினேன். அது சரியா? அப்புறம் மூன்றாவது வரிதான் மெட்டில் உச்சம், ‘ஏ’ வரை போகிறது. உச்சத்தில் தலைப்பு இருக்க வேண்டாமா?

நாலுகட்டை:
தம்பி கேட்டான் பாருங்கள் கேள்வி! உச்ச சுரத்தில் தலைப்பு இல்லாவிட்டால் அது என்ன தலைப்பு? மூன்றாவது வரி. சொன்னேனே.

சந்தக்கவி:
தம்பி, ‘போயாச்சு’ சரி. நீட்டுகிற சுரத்தில் நெடில் இருக்க வேண்டும். குறிலை வைத்து நீட்டினால் வார்த்தை கெட்டுவிடும், கேட்பவருக்குத் தலைப்பே புரியாது. அந்த ‘யா’ உன் பாட்டின் சொத்து.

உச்சத்தைப் பற்றி: மனசில் நிற்பது உயரமான சுரம் மட்டும் இல்லை, நீளமான சுரமும்தான். உன் மெட்டில் உச்ச சுரம் அரை அடியில் ஓடிவிடுகிறது. ‘ஈ’ மூன்று அடி நிற்கிறது. தலைப்பு ஏற்கெனவே நல்ல இடத்தில் இருக்கிறது. உச்சத்தைச் சில்லறைக்குக் கொடு. கையில் வேறு எதுவும் இல்லை என்று அங்கே கத்தினால்தான் நாலாவது வரியில் தலைப்பு வலிக்கும்.

சரணத்திலும் கவனம் வேண்டும். உன் முதல் சரணத்தில் ‘பஸ்’ இரண்டு தடவை வருகிறது. அதை ‘வண்டி’ ஆக்கு, இல்லை ‘ஹாரன் சத்தம்’ என்று சொல். கோரஸ் வரும்வரை அந்தச் சொல்லை யாரும் கேட்டிருக்கக் கூடாது. இரண்டாவது சரணத்தில் அப்பா வளைகுடாவுக்குப் போன கதையைச் சொல்கிறாய். அதற்குப் பிறகு வரும் ‘கடைசி பஸ்’ நிஜ பஸ் இல்லை. வரியை மாற்றாமலேயே அர்த்தம் மாறிவிட்டது. உன் பாட்டில் இருக்கும் பெரிய பலம் இதுதான். மூன்றாவது வரியில் வைத்து அதைச் செலவழிக்காதே.

நாலுகட்டை:
உச்ச சுரத்தைச் சில்லறைக்குக் கொடு என்று சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான். ஜனம் உச்சத்தைத்தான் பாடும். “சில்லறை மட்டும்தான்” என்று பாடிக்கொண்டு போவார்கள், பாட்டுக்கும் ‘சில்லறை’ என்றே பெயர் வைத்துவிடுவார்கள்.

லயப்பித்தன்:
அது நடக்கக்கூடியதுதான். தலைப்பு அல்லாத வரி ரொம்பக் கவர்ச்சியாக இருந்தால் ஜனம் அதையே தலைப்பு என்று நினைத்துக்கொள்ளும். மூன்றாவது வரி எவ்வளவு தூரம் ஏறலாம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு.

சந்தக்கவி:
அப்படியானால் சோதித்துப் பாருங்கள். தம்பி, உன் பழைய பதிவில் குரல் தனி ட்ராக்கில்தானே இருக்கிறது? தலைப்பு வரும் இடங்களை ஒவ்வொன்றாக மியூட் செய்து, பாட்டு தெரியாத ஒருவரிடம் ஒவ்வொரு தடவையும் கொடு. எது போனதும் அவர் முகம் மாறவில்லையோ, அது தேவையில்லாத தலைப்பு. மூன்றாவது வரிதான் என்று எழுதித் தருகிறேன். மறுநாள் அவரையே முணுமுணுக்கச் சொல். மெட்டு வந்து வார்த்தை வராவிட்டால் தலைப்பு தவறான சுரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எண்ணிக்கையைக் கூட்டுவது மருந்தே இல்லை.

நாலுகட்டை:
ஒருத்தர் முகத்தைப் பார்த்தா முடிவு செய்வது? திருவிழா மேடையில் ஆயிரம் பேர் முன்னால் வாசித்துப் பாருங்கள். மூன்றாவது வரியில் மைக்கை ஜனத்தின் பக்கம் திருப்புவோம். அங்கே தலைப்பு இருக்க வேண்டும்.

சந்தக்கவி:
மைக்கை நாலாவது வரியில் திருப்புங்கள். ‘ஊருக்குப் போற’ என்று நிறுத்துங்கள், அவர்கள் முடிப்பார்கள்.

நாலுகட்டை:
மூன்றாவதில் திருப்பித்தான் பழக்கம்.

சந்தக்கவி:
பழக்கம் என்று சொல்லுங்கள், விதி என்று சொல்லாதீர்கள். போட்டியிலும் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும், இடம் போதவில்லை.

வில்லுப்பாட்டு ரசிகை:
அந்தத் தம்பி பாட்டு எங்கே கிடைக்கும்? தேடினால் வேறு எதெதோ பாட்டு வருகிறது.

நாலுகட்டை:
நெல்லை, நாலு தடவை வைத்துப் பாடி எனக்கு அனுப்பு. இடையிசை நான் வாசித்துத் தருகிறேன். மூன்றாவது வரியைத் தொடாதே.