இயந்திரக் கற்றல் கோட்பாடு: அடுத்து எந்தப் புத்தகம்?

வணக்கம். ஹட்டனில் தேயிலைக் கொழுந்து விளைச்சல் தரவுகளை ஆராய்வது என் வேலை. புள்ளிவிபரவியல் நன்றாகவே தெரியும். கோட் எழுதக் காட்டும் டுடோரியல்கள் போதும். ஒரு மாடல் புதிய தரவிலும் ஏன் சரிவரும் என்பதற்கான நிரூபணம்தான் வேண்டும்.

ஹேஸ்டி, டிப்ஷிரானி, ஃப்ரீட்மன் நூலின் 2009 பதிப்பைப் படித்தேன். முறைகளுக்கு அருமையான நூல், ஆனால் நான் தேடும் நிரூபணங்கள் அதில் குறைவு. அப்புறம் ஷாலெவ்-ஷ்வார்ட்ஸ், பென்-டேவிட் எழுதிய 2014 நூல். அதில்தான் சிக்கி நிற்கிறேன்.

முன்கூட்டியே முடிவான ஒரு மாடலுக்கு ஹொஃப்டிங் சமனிலி போதும். தரவைப் பார்த்தபின் மாடலைத் தேர்ந்தால், எல்லா மாடல்களுக்கும் சேர்த்தே வரம்பு வேண்டும். அவை எண்ணி முடியக்கூடியவை என்றால் நிகழ்தகவுகளைக் கூட்டிவிடலாம், சரி. எண்ணிக்கை முடிவிலியானால், கற்பனையாக இன்னொரு தரவு மாதிரியை எடுத்து, இரண்டுக்கும் இடையில் புள்ளிகளை இடம் மாற்றுகிறார்கள். வரிக்கு வரி புரிகிறது. அந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை.

புத்தகத்தைக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும், இப்போதைக்கு ஒன்றுதான் முடியும். இந்த இடத்தைத் தெளிவாக்க மோஹ்ரி குழுவினரின் நூலை வாங்கலாமா, வெர்ஷினினின் உயர்பரிமாண நிகழ்தகவு நூலை வாங்கலாமா?