அப்பாவுக்காகச் செய்த தொடக்கப் பக்கம்: படம் வருமுன் ஒரு வெள்ளை மின்னல்

வரப்போரம்: அப்பாவின் பழைய லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்ததும் வர, நானே ஒரு பக்கம் செய்தேன். மின் கட்டணம், ரயில் டிக்கெட், பேங்க் என்று ஆறு கட்டங்கள், மேலே தேடல் பெட்டி, பின்னணியில் எங்கள் வயல். போனில் எடுத்த படம், 4000×3000. திறக்கும்போதெல்லாம் திரை ஒரு கணம் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டவர், கண் கூசுகிறது என்கிறார். வானம் விழும் இடத்தில் கட்டங்களின் பெயரும் தெரியவில்லை.

சின்னத்திரை: எனக்கும் இருந்தது. படத்தை வெப்பி வடிவத்துக்கு மாற்றுங்கள், கோப்பு நன்றாகச் சுருங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம்.

மாடிவீடு: பாதிதான் சரி, சகோ. கோப்பு சுருங்கினாலும், திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும். ஒரு புள்ளிக்கு 4 பைட், 1.2 கோடி புள்ளிக்கு 48 எம்பி. எந்த வடிவத்தில் சேமித்தாலும் இதேதான். பழைய லேப்டாப் அங்கேதான் திணறும். நான் அகலத்தை 1920 ஆகக் குறைத்தேன், 11 எம்பியில் நின்றது.

அப்புறம், படம் வரும்வரை காட்ட ஒரு நிறம் வேண்டும். அது இல்லாததால்தான் வெள்ளை தெரிகிறது. வயலின் கரும்பச்சையையே கொடுத்துப் பாருங்கள்:

```
body {
  background: linear-gradient(#0008, #0008),
    url(vayal.jpg) center / cover fixed #1f3a2d;
}
```

முதல் வரி படத்தின்மேல் பாதிக் கறுப்பைப் பூசுகிறது. வெள்ளை எழுத்து வானத்தின்மேலும் தெரியும். என் முதல் பக்கத்தில் எழுத்துக்கு நிழல் மட்டும் போட்டேன், மேகம் இருந்த இடத்தில் பயன்படவில்லை.

தென்னங்கீற்று: என் சிக்கல் தேடல் பெட்டி. autofocus போட்டும், குரோமில் புதிய தாவல் திறந்தால் கர்சர் முகவரிப் பட்டையில்தான் நிற்கிறது. எக்ஸ்டென்ஷனாக மாற்றியும் அப்படியே. கடைசியில் பெட்டியையே எடுத்துவிட்டேன், முகவரிப் பட்டையே தேடுகிறதே!

வரப்போரம்: அக்கா, அப்பா முகவரிப் பட்டையைத் தொடவே மாட்டார். பெரிய பெட்டி நடுவில் இருந்தால்தான் எழுதுவார். அதனால் வைத்திருக்கிறேன்.

மாடிவீடு அண்ணா, நிறம் கொடுத்ததும் பளிச்சிடல் நின்றது. இன்னொன்று கவனித்தேன்: cover படத்தின் மேலும் கீழும் வெட்டுகிறது, வேப்பமர உச்சி காணாமல் போனது. center-ஐ top ஆக்கினேன், மரம் வந்தது, வரப்பு போய்விட்டது.

மாடிவீடு: 4:3 படம் அகலத் திரையில் அப்படித்தான். மரமும் வரப்பும் சேர வேண்டுமானால் போனை இதேபோல் படுக்கைவாட்டில் பிடித்து, கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி எடுங்கள்.

வரப்போரம்: பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எடுக்கிறேன். அதுவரை மரம் இருக்கட்டும் என்கிறார் அப்பா.